வகுப்பை ரத்து செய்தது நீங்க, பிடித்தம் மட்டும் எங்க காசுலயா?

"வணக்கம், போதிய மாணவர்கள் சேராததால் இந்த இன்டேக் ரத்து. உங்களை அடுத்த இன்டேக்கில் சேர்த்துவிட்டோம். நன்றி." கீழே கைகூப்பும் பொம்மை ஒன்று. வகுப்பு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது பயிற்சி நிலையம் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி இப்படித்தான் இருக்கும். சேர்க்கலாமா என்று கேட்கவில்லை, சேர்த்தாயிற்று. சரி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றால் அடுத்த நிமிடமே பதில் வரும்: "கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படாது, விதிமுறையைப் படிச்சுப் பாருங்க."

படிச்சுப் பாருங்க என்று சொல்கிற ஆள் அதைப் படித்திருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. கோலாலம்பூரில் மாலை வகுப்பு, வார இறுதி வகுப்பு நடத்தும் நிலையங்களின் விதிமுறைகளை எடுத்துப் பாருங்கள். ரசீதின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்திருப்பார்கள், அல்லது பதிவுப் படிவத்தின் அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் இணைப்பாக வைத்திருப்பார்கள். அதில் பெரும்பாலும் இரண்டு தனித்தனி விதிகள் இருக்கும். ஒன்று, மாணவர் விலகினால் என்ன ஆகும். இன்னொன்று, நிலையம் வகுப்பை ரத்து செய்தால் என்ன ஆகும். முகப்பில் இருப்பவர் நம் முகத்துக்கு நேராக நீட்டுவது எப்போதும் முதல் விதியைத்தான். அது நாம் விலகினால் பொருந்துவது. நாம் எங்கே விலகினோம்? பையில் நோட்டுப் புத்தகத்தோடு தயாராக இருந்தவரிடம் 'நீங்க வராததால பணம் இல்லை' என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எட்டு வாரக் கணக்கியல் பயிற்சி, மொத்தம் 2,400 ரிங்கிட். அதில் பதிவுக் கட்டணம் 300, பயிற்சிக் கட்டணம் 2,100. விதி 6 இப்படிச் சொல்கிறது: மாணவர் விலகினால் பதிவுக் கட்டணம் திரும்பாது, மீதியில் நிர்வாகச் செலவு கழிக்கப்படும். விதி 9: நிலையம் வகுப்பை ரத்து செய்தால் மாணவர் தம் விருப்பப்படி வேறு வகுப்புக்கு மாறலாம் அல்லது செலுத்திய முழுத் தொகையையும் 14 வேலை நாளில் திரும்பப் பெறலாம். இப்போது நிலையம் என்ன செய்கிறது? 300-ஐ ஒதுக்கிவிட்டு, மொத்தக் கட்டணத்தில் பத்து விழுக்காடு, அதாவது 240, நிர்வாகச் செலவென்று பிடித்துக்கொண்டு 1,860 தருவதாகச் சொல்கிறது. விதி 9-க்கு வரவேண்டிய விவகாரத்தில் விதி 6-இன் கத்தரிக்கோலைப் போட்டால் 540 ரிங்கிட் காணாமல் போகிறது. இதை எழுத்தில் கேட்டால் 'பாலிசி' என்பார்கள். எந்தப் பாலிசி, எந்த எண் என்று திருப்பிக் கேளுங்கள், மூச்சு வராது.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. விதியில் 'செலுத்திய முழுத் தொகை' என்று இருக்கிறதா, 'பயிற்சிக் கட்டணம்' என்று மட்டும் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். முதலாவது என்றால் 300-உம் அதில் அடங்கும், வாதமே இல்லை. இரண்டாவது என்றால் அந்த 300-க்கு விதியை மட்டும் காட்டி வெல்ல முடியாது, சட்டத்தைத் தொட வேண்டும். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, ஒரு தரப்பு தான் ஏற்ற கடமையை முழுவதுமாகச் செய்ய மறுத்தாலோ செய்ய இயலாமல் தன்னை ஆக்கிக்கொண்டாலோ, மறுதரப்பு அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது. பதிவு செய்ததே அந்த வகுப்புக்காகத்தான். வகுப்பு இல்லை என்றால் பதிவு எதற்கு? 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010-இல் சேர்த்த நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பற்றிய பகுதியும் கைகொடுக்கும். 'என்ன ஆனாலும் பணம் திரும்பாது' என்று மொட்டையாக எழுதி, தான் ஒப்பந்தத்தை மீறினாலும் பொறுப்பில்லை என்று தட்டிக்கழிக்கும் விதியை நியாயமற்றது என்று தள்ளுபடி செய்யக் கேட்கலாம்.

அடுத்த தந்திரம் இன்னும் அழகு. ரத்து என்ற சொல்லையே உச்சரிக்க மாட்டார்கள். 'ஒத்திவைப்பு' என்பார்கள். ஏன்? ரத்து என்றால்தானே விதி 9 உயிர்பெறும். புதிய தேதி என்ன என்று கேட்டால் 'ஆள் சேர்ந்ததும் தெரிவிப்போம்'. தேதி இல்லாத ஒத்திவைப்புக்கு ரத்து என்றுதான் பெயர். தேதி கொடுத்தாலும், வார இறுதி வகுப்பு வார நாள் இரவாக மாறியிருந்தாலோ நேரடி வகுப்பு இணைய வகுப்பாக மாறியிருந்தாலோ நீங்கள் பணம் கட்டியது அதற்கு அல்ல. இதை உடனே, எழுத்தில், சொல்லிவிட வேண்டும்.

உடனே என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம்மவர்களில் பாதிப்பேர் அடிபடுவது இங்கேதான். அந்த வாட்ஸ்அப் செய்திக்கு மரியாதைக்காக 'ஓகே, நன்றி' என்று பதில் போட்டுவிடுவார்கள். பிறகு அதையே காட்டி, 'நீங்கதான் அடுத்த இன்டேக்குக்குச் சம்மதிச்சீங்களே' என்பார்கள். கட்டைவிரல் பொம்மை போட்டாலும் இதே கதிதான். அதற்குப் பதில் இரண்டே வரி போதும்: "வகுப்பு ரத்தானதை அறிந்தேன். மாற்று வகுப்பு எனக்கு வேண்டாம், விதி 9-இன்படி முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டுகிறேன்." அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப் எண் ஒரு நாள் காணாமல் போகும், மின்னஞ்சல் கிடக்கும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, விதிமுறைப் பக்கத்தை அன்றைக்கே சேமித்துவைப்பது. இணையப் பக்கமாக இருந்தால் தேதியும் முகவரியும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் பிடிஎஃப் ஆக்குங்கள், விதி 9 மட்டும் தெரியும் ஸ்கிரீன்ஷாட் போதாது. புகார் வந்த வாரத்திலேயே விதிமுறையைத் திருத்தும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள். நீங்கள் பதிவு செய்த நாளில் இருந்த விதிதான் உங்களுக்குப் பொருந்தும், ஆனால் அன்றைக்கு என்ன இருந்தது என்பதைக் காட்ட உங்களிடம் தாள் இருக்க வேண்டும்.

கோரிக்கைக் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரே பக்கம். பெயர், பதிவு எண், பயிற்சியின் பெயர், தொடக்கத் தேதி, கட்டிய தொகை, ரசீது எண், ரத்துச் செய்தி வந்த நாள். பிறகு விதி 9-ஐ ஒரு சொல்லும் மாற்றாமல் மேற்கோள் காட்டுங்கள். பிறகு கேட்கும் தொகை, வங்கிக் கணக்கு எண், கடைசித் தேதி. '14 வேலை நாள்' என்று மட்டும் எழுதிவிட்டு விடாதீர்கள். சனி, ஞாயிறு, பொது விடுமுறை கழித்து நாட்காட்டியில் எண்ணி, இன்ன தேதிக்குள் என்று போடுங்கள். 14 வேலை நாள் என்பது கிட்டத்தட்ட மூன்று வாரம். தேதி போடாவிட்டால் 'எங்க படிவத்தை நீங்க நிரப்பின நாளிலிருந்துதான் கணக்கு' என்று இன்னொரு மூன்று வாரம் ஓட்டுவார்கள். கோபத்தை எல்லாம் கடிதத்தில் கொட்டாதீர்கள், அதற்குத்தான் இந்தப் பதிவு.

கடன் அட்டையில் கட்டியிருந்தால் நிலையத்தின் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்காமல் வங்கியிடமும் 'சேவை வழங்கப்படவில்லை' என்று மறுப்பு எழுப்புங்கள், அதற்குக் காலவரம்பு உண்டு. தவணையாகப் பிடிக்கும் திட்டமென்றால் வகுப்பு செத்தாலும் தவணை சாகாது, மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும்.

தேதி தாண்டியும் பணம் வரவில்லையா? பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மலாயில் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா. 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் வாதாட முடியாது, அதனால் வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். மன்றத்தின் படிவம் 1-ஐ நிரப்பி, ரசீது, விதிமுறை, ரத்துச் செய்தி, கோரிக்கைக் கடிதம் நான்கையும் இணைத்தால் வழக்கு ஏறத்தாழ தயார். கட்டணத்தை உங்கள் முதலாளியின் நிறுவனம் கட்டியிருந்தால் மட்டும் யோசியுங்கள், அங்கே பயனீட்டாளர் என்ற இடத்தில் நீங்கள் நிற்பது சிக்கல்.

அந்தப் படிவத்தில் எதிர்த்தரப்பின் பெயரை எழுதும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுவார்கள். பலகையில் 'அகாடமி' என்று தங்க எழுத்தில் பளபளக்கும். அது வியாபாரப் பெயர். பணம் போன வங்கிக் கணக்கின் பெயரைப் பாருங்கள், ரசீதின் அடியில் நிறுவனப் பதிவு எண்ணைப் பாருங்கள். புதிய பதிவு எண் 12 இலக்கம், முதல் நான்கு இலக்கம் பதிவான ஆண்டு, அடுத்த இரண்டு இலக்கம் எந்த வகை என்று காட்டும். 01 என்றால் உள்நாட்டுக் கம்பெனி, 03 என்றால் தனி உரிமை அல்லது பங்குடைமை வியாபாரம். நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம்-மில் தேடி, பதிவான பெயரையும் முகவரியையும் அப்படியே எழுதுங்கள். பலகைப் பெயரில் தீர்ப்பு வாங்கினால், 'அந்தப் பெயரில் எங்களிடம் யாருமில்லை' என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

எழுதத் தயங்குகிறவர்கள் பினாங்கில் இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் புகாரைக் கொண்டுபோகலாம். அவர்கள் 1969-இலிருந்து இதே வேலைதான் பார்க்கிறார்கள்.

இத்தனையும் 540 ரிங்கிட்டுக்கா என்று யாராவது கேட்பார்கள். அந்த நிலையம் நம்பியிருப்பதே அந்தக் கேள்வியைத்தான். இருபது பேர் பதிவு செய்த வகுப்பில் ஆளுக்கு 540 பிடித்தால் 10,800 ரிங்கிட், ஒரு நாள்கூடப் பாடம் நடத்தாமல். நடுவர் மன்றத் தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் கட்டாவிட்டால் அது குற்றம், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு என்று சட்டம் சொல்கிறது. முகப்பில் இருப்பவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை, நிர்வாகிக்குக் கடிதத்தின் நகலை அனுப்புங்கள்.