இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பட்டுப்புழு வறுவலைத் தொடாதீர்கள்

போன மாதம் பெருமாள்மலை வீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்து பட்டுப்புழு வறுவல் சாப்பிட்டோம். உடுமலைப் பக்கம் பட்டு வளர்க்கும் நண்பர் உயிர்க்கூடுகளாகவே கொண்டுவந்திருந்தார். கூட்டைப் பிளேடால் கீறி, உள்ளே இருந்த கூட்டுப்புழுக்களை எடுத்து, வேகவைத்து, மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வறுத்தோம். சாப்பிட்டு இருபது நிமிடம் ஆகியிருக்காது, சித்தி மகள் கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்து, "அண்ணே, தொண்டை ஒரு மாதிரி அடைக்குது" என்றாள். உதடு வீங்கியிருந்தது. உடனே காரில் ஏற்றிக் கொடைக்கானலுக்கு விட்டோம், பனிமூட்டத்தில் அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் போவதற்குள் அவளுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்துவிட்டது. தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. சரியான மாதிரி தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம் என்று இரவு முழுக்க அங்கேயே வைத்திருந்தார்கள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இறால் சாப்பிட்டால் வாய் அரிக்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பட்டுப்புழுவுக்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சம்பந்தம் இருக்கிறது. இறால், நண்டு, பூச்சி எல்லாமே கணுக்காலிகள், ஒரே பெரிய குடும்பம். அவற்றின் தசையில் டிரோபோமயோசின் என்று ஒரு புரதம் உண்டு. இறாலில் ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் அதுதான், பூச்சியில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே அச்சு. உடம்பு ஒன்றை எதிரி என்று பழகிவிட்டால் இன்னொன்றையும் அப்படியே பார்க்கிறது. இந்தப் புரதம் சூட்டுக்கு மசியாது, எவ்வளவு மொறுமொறுப்பாக வறுத்தாலும் போகாது. வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்ணிய உண்ணிகளிடமும் இதே இனப் புரதம் இருப்பதால், தூசி பட்டால் மூக்கு ஒழுகி மூச்சு இழுப்பவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சுவர்க்கோழியை உணவாக அனுமதித்தபோதே, இறால் வகையும் தூசி உண்ணியும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான எச்சரிக்கையைப் பொட்டலத்தில் அச்சிடச் சொல்லிவிட்டது. மழைக்கு வரும் ஈசலை வறுத்துப் பொரியோடு தின்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

அன்றைக்கு முதலில் புழு கெட்டுப்போயிருக்குமோ என்றுதான் பயந்தோம். அப்படியும் நடக்கும். செத்த புழு வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியா அதில் ஹிஸ்டமினைச் சேர்த்துவிடும், கெட்ட மீனில் சேர்வது போலவே. முகம் சிவக்கும், தலை வலிக்கும், அரிக்கும், பார்க்க ஒவ்வாமை மாதிரியே இருக்கும், இதுவும் வேகவைத்தால் போகாது. ஆனால் அப்படி என்றால் ஒரே தட்டில் சாப்பிட்ட பலருக்கும் வந்திருக்கும். நாங்கள் நாலு பேரும் நன்றாக இருந்தோம், அவளுக்கு மட்டும் வந்தது. பழைய இறால் கதையும் சேர்ந்ததால் மருத்துவருக்குச் சந்தேகமே இல்லை.

கெட்ட புழுவில் இந்த ஹிஸ்டமின் ஆபத்து இருப்பதால்தான், நூற்பு ஆலையில் நூல் எடுத்த பிறகு மிஞ்சும் புழுவைச் சும்மா கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள் என்கிறேன். அங்கே கூட்டைச் சூடேற்றிப் புழுவைக் கொன்று பல நாள் வைத்திருந்துதான் நூற்பார்கள். அது கோழித் தீவனத்துக்குப் போகிற சரக்கு, செத்து எத்தனை நாள் ஆனது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. கூட்டிலிருந்து எடுக்கும்போது பொன்பழுப்பாக, தொட்டால் வால்பக்கம் நெளிய வேண்டும். கறுத்தது, கொழகொழத்தது, நாறுவது எதையும் சேர்க்கக் கூடாது. கழுவி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் வேகவிட்டு, வடித்து அன்றைக்கே சமைக்க வேண்டும், இல்லையென்றால் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். வேகவைத்தாகிவிட்டதே, மலைக் குளிர்தானே என்று வெளியே வைக்காதீர்கள். சில பாக்டீரியாவின் வித்துகள் கொதியில் சாகாது, ஆறிய பிறகு முளைத்துப் பெருகும். சுவர்க்கோழி என்றால் ஒரு நாள் பட்டினி போட்டுக் குடலைக் காலியாக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கொன்று, இறக்கையையும் முள்ளுக்காலையும் பிய்த்துவிட்டு இதே மாதிரி வேகவைக்க வேண்டும்.

அப்புறம், பூச்சி உணவைப் புகழ்பவர்கள் சொல்லும் புரதக் கணக்கு. பட்டுப்புழுவில் பாதிக்குப் பாதி புரதம் என்பது உலர்ந்த எடைக்குச் சொல்வது. பச்சைப் புழுவில் முக்கால் பங்குக்குத் தண்ணீர்தான். நூறு கிராமுக்குச் சுமார் 14 கிராம் புரதம் தேறும், அதாவது இரண்டு முட்டையைவிடக் கொஞ்சம் அதிகம். சுவர்க்கோழி மாவுப் பொட்டலத்தில் போடும் அறுபது, எழுபது சதவீதத்திலும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். புரதத்தை நைட்ரஜனை வைத்து அளக்கிறார்கள், பூச்சியின் ஓட்டில் இருக்கும் கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு, அதுவும் கணக்கில் ஏறிவிடுகிறது.

நல்ல சாப்பாடுதான், நான் இனியும் சாப்பிடுவேன். ஆனால் மலைமேல் விருந்தாளிகளுக்குச் சமைத்துப் போடுபவர்கள், அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் ஒவ்வொருவரிடமும் "இறால், நண்டு ஒத்துக்குமா, தூசிக்கு மூச்சு இழுக்குமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆமாம் என்றால் ருசிக்கு ஒன்றுகூடக் கொடுக்க வேண்டாம். மீறி யாருக்காவது தொண்டை அடைத்தால், அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் அந்த நிமிடமே வண்டியை எடுங்கள். இங்கே அட்ரினலின் இருக்கிற இடத்துக்குப் போய்ச்சேரவே அரை மணி நேரம் ஆகிறது.