காலியா விட்டா மார்க் போச்சு, பொய் எழுதினா டிக்காம்!

கணக்கு விடைத்தாளில் காரணம் எழுதாத வரிக்குச் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டீர்கள், சரி. அதற்குக் கீழேயே ஒரு தப்பான காரணம் உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு எதுக்கு சார் டிக் போட்டீர்கள்? இந்த ஒரு கேள்விக்கு கடலூரில் எனக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

அண்ணன் மகன் பத்தாவது படிக்கிறான். காலாண்டுக் கணக்கு விடைத்தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். வீட்டில் பி.எஸ்சி. மேத்ஸ் படித்தவள் நான் ஒருத்திதான், முதுநகரில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அதனால் எல்லாச் சிவப்பு மையும் நேராக என்னிடம்தான் வரும். வட்டத்துக்கு வெளியே இருக்கும் P என்ற புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகள் வரைந்தால் இரண்டும் ஒரே நீளம் என்று நிறுவ வேண்டும். அஞ்சு மார்க் கேள்வி. O மையம்; A, B இரண்டும் தொடுபுள்ளிகள். பையன் எழுதியது இது:

OA = OB : ஒரே வட்டத்தின் ஆரங்கள்
OP = OP : பொதுப் பக்கம்
∠OAP = ∠OBP = 90° : (ஒன்றும் எழுதவில்லை)
△OAP ≅ △OBP : ப-கோ-ப
PA = PB : ஒத்த பக்கங்கள்

மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி, "காரணம் இல்லை, முழுமையற்றது", மார்க் 3. நாலாவது வரிக்கு அழகான டிக்.

மூன்றாவது வரிக்கு மார்க் குறைத்ததில் எனக்குச் சண்டையே இல்லை. சொல்லப்போனால் இந்த நிரூபணத்துக்கு உயிரே அந்த வரிதான். படத்தைப் பார்த்தால் செங்கோணம் மாதிரி தெரிகிறது என்பதெல்லாம் காரணம் ஆகாது. 88 டிகிரியும் பார்க்க அப்படித்தான் இருக்கும். தொடுகோடு வட்டத்தை ஒரே புள்ளியில் தொடுகிறது. அதன் மேல் இருக்கும் மற்ற எல்லாப் புள்ளியும் வட்டத்துக்கு வெளியே. அப்படியென்றால் மையத்திலிருந்து அந்தக் கோட்டுக்கு ஆகக் குறைந்த தூரம் OA-தான். ஒரு புள்ளியிலிருந்து ஒரு கோட்டுக்கு ஆகக் குறைந்த தூரம் செங்குத்துத்தான். அதனால்தான் 90°. இவ்வளவையும் பரீட்சையில் எழுத வேண்டாம், "தொடுபுள்ளியில் ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்து" என்று ஒரு வரி போதும். எழுதவில்லை, மார்க் போச்சு. நியாயம்.

இப்போது நாலாவது வரிக்கு வாங்க. ப-கோ-ப என்றால் என்ன? இரண்டு பக்கமும், அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கோணமும். பையன் கையில் வைத்திருக்கும் பக்கங்கள் OA, OP. இரண்டும் சந்திக்கிற இடம் O. அப்போது நடுக்கோணம் ∠AOP. அது சமம் என்று அவன் எங்கேயும் சொல்லவே இல்லை! அவன் சொன்ன 90° இருக்கிற இடம் A. அது OA-வுக்கும் AP-க்கும் நடுவில் இருக்கிறது. AP-யோ இனிமேல்தான் நிறுவ வேண்டிய பக்கம். OA-வில் ஒரு விரல், OP-யில் ஒரு விரல் வைத்து, விரல் இரண்டும் எங்கே கூடுகிறது என்று பார்த்தால் ஒன்றாங்கிளாஸ் பிள்ளை கண்டுபிடிக்கும். அங்கே எழுத வேண்டியது செ-க-ப: செங்கோணம், கர்ணம் OP, பக்கம் OA.

"ரெண்டுல எதைப் போட்டா என்ன மேடம், சர்வசமம்னு வந்துடுச்சுல்ல?" என்றார் சார், பெற்றோர் கூட்டத்தன்று. இந்த இடத்தில்தான் எனக்குத் தலைக்கு ஏறியது.

என்னவா? நடுவில் இல்லாத கோணத்தை வைத்துக்கொண்டு சர்வசமம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று காம்பஸ் எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு கோடு வரைந்து, ஒரு முனையில் 30° கோணம் போடுங்கள். சாய்ந்த கோட்டில் 10 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். அங்கே காம்பஸ் முள்ளை ஊன்றி 6 செ.மீ. எடுத்து ஒரு வில் இழுங்கள். கீழ்க்கோட்டை அது ஒரு இடத்தில் வெட்டாது, இரண்டு இடத்தில் வெட்டும். ஒன்று கோண முனையிலிருந்து சுமார் 5.3 செ.மீ.யில், இன்னொன்று சுமார் 12 செ.மீ.யில். ஆக இரண்டு முக்கோணம். இரண்டிலும் 10 இருக்கிறது, 6 இருக்கிறது, 30° இருக்கிறது. ஆனால் ஒன்றின் மூன்றாம் பக்கம் இன்னொன்றைவிட இரண்டு மடங்குக்கு மேல்! இதைச் சர்வசமம் என்பீர்களா?

30°-க்குப் பதில் 90° போட்டால் இந்த வில்லங்கம் வராது. 6 செ.மீ. வில் அப்போது கீழ்க்கோட்டை எட்டாது; கோட்டை இரண்டு பக்கமும் நீட்டி, 10-ஐ விடப் பெரிதாக 12 செ.மீ. எடுங்கள். அப்போதும் வில் இரண்டு இடத்தில்தான் வெட்டும். ஆனால் செங்குத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டும் சம தூரத்தில். மடித்து வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். அதனால்தான் செ-க-ப என்று செங்கோணத்துக்கு மட்டும் தனி விதி வைத்திருக்கிறார்கள். பையனுடைய நிரூபணம் தப்பிப் பிழைப்பது அந்த 90° புண்ணியத்தில். அவன் எழுதிய காரணத்தால் இல்லவே இல்லை.

என் வேலையில் பில் இல்லாத செலவு வவுச்சரைத் தூக்கிப் போட்டுவிட்டு, வலை வாங்கிய பில்லை ஐஸ் செலவுக்குக் குத்தி வைத்திருந்தால் "பில் இருக்கு, பாஸ்" என்று ஆடிட்டர் கையெழுத்துப் போடுவாரா? இங்கே அதுதான் நடக்கிறது. கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் கண் ஓடுகிறது. நிரம்பியது என்ன என்று படிக்கிறவர் இல்லை. கட்டுக் கட்டாய்த் தாள் திருத்துகிறார்கள், கண் எரியும், தெரியும். அதற்காக? ஒரு நிரூபணத்தில் திருத்துவதற்கு வேறு என்னதான் இருக்கிறது, காரணத்தைத் தவிர?

இதில் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்கிறார்கள் தெரியுமா? என் மருமகன் சொல்கிறான்: "அடுத்த தடவை காலியா வுட மாட்டேன் அத்தை. தெரியலன்னா 'கொடுக்கப்பட்டது'ன்னு போட்டுடுவேன். பசங்க எல்லாரும் அப்படித்தான் போடுறானுங்க." கேட்டதும் பகீரென்றது. எவன்டா கொடுத்தான்? கேள்வியில் 90° என்று எங்கேடா இருக்கிறது? தெரியாததைத் தெரியாது என்று காலியாக விட்டவனுக்கு மார்க் போகிறது, தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினால் டிக் விழுகிறது. பதினைந்து வயசுப் பையன் எதைப் பிடித்துக்கொள்வான்? டியூஷனில் வேறு, "காரணம் பக்கத்துல ஏதாவது ஒண்ணு எழுதிட்டு வாங்கடா" என்று சொல்லி அனுப்புகிறார்களாம். ஏதாவது ஒண்ணாம்!

சாரிடம் கடைசியாகக் கேட்டேன்: "நாலாவது வரி டிக்கை அடிச்சிட்டு செ-க-ப-ன்னு எழுதிக் குடுங்க சார், மார்க் குறைஞ்சாலும் பரவாயில்ல." அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "மார்க் குறைக்கச் சொல்லி யாரும் வந்ததில்ல மேடம்" என்று சிரித்தார். பிறகு, "மார்க் லிஸ்ட் போட்டு ஹெட்மாஸ்டர்கிட்ட குடுத்தாச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று தாளை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். டிக் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் நான் பென்சிலால் செ-க-ப என்று எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு அண்ணி, "பரீட்சைத் தாள்ல எதுக்கு நீ கிறுக்குற?" என்று என்னிடம் கத்துகிறாள்.