ஒன்றா, ஏழா?

காரைக்குடியில் டியூஷன் எடுப்பதால், மாலையானால் வாட்ஸப்பில் கணக்குப் படங்கள் வந்து குவியும். படம் மங்கலாக இருந்தால்கூடக் கவலையில்லை, திருப்பிக் கேட்டுவிடலாம். தெளிவாக இருப்பதுபோல் தோன்றும் படத்தைத்தான் நான் நம்புவதில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று: x² − 7x − 30 = 0. பையன் கையால் எழுதிய 7-இன் மேல்கோடு குட்டையாக இருந்தது. அதை 1 என்று படித்தால் x² − x − 30 = 0 ஆகிவிடும். சரியான கணக்குக்கு விடை 10, −3. தவறாகப் படித்ததற்கு 6, −5. இரண்டும் அழகாகக் காரணிப்படுகின்றன! விடையைப் பிரதியிட்டுச் சரிபார்த்தாலும் பூஜ்ஜியம்தான் வரும், ஏனென்றால் நாம் படித்த சமன்பாட்டில்தானே போட்டுப் பார்க்கிறோம். கடைசி எண் −30 இல்லாமல் +12 ஆக இருந்தால் பிழை உடனே பிடிபட்டிருக்கும்: தவறாகப் படித்ததில் b² − 4ac = 1 − 48 = −47, மெய்யான மூலமே கிடையாது.

இங்கே காப்பாற்றியது வேறு விஷயம். x-க்கு முன்னால் 1 இருந்தால் அதை யாரும் எழுதுவதில்லை. '1x' என்று கண்ணில் பட்டாலே அது 7 என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் இந்தத் தந்திரம் கடைசி எண்ணுக்குச் செல்லாது. 14-ஆ, 74-ஆ என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். (பழைய செட்டிநாட்டுப் பேரேடுகளின் தமிழ் எண்களில் இந்தத் தொல்லையே இல்லை. ௧ எங்கே, ௭ எங்கே!)

கழித்தல் குறியும் சமக்குறியும் குழம்புவதற்கு முக்கியக் காரணம் கோடு போட்ட நோட்டுதான். கழித்தல் குறி அச்சுக்கோட்டுக்குச் சற்று மேலே விழுந்தால் படத்தில் இரண்டு கோடாகி '=' போல் நிற்கும். படம் சுருங்கிப்போனால் இதற்கு நேர்மாறாக '='-இன் இரு கோடும் ஒட்டி '−' ஆகிவிடும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். 'தீர்க்க' என்று கேட்ட கணக்கில் சமக்குறியே இல்லையா? 2x = 3 = 7 என்று இரண்டு இருக்கிறதா? அப்படியானால் படித்ததில்தான் கோளாறு.

"சார், விடை புத்தகத்தோட ஒத்து வரலையே" என்று மறுநாள் கேட்பவர்களிடம், கணக்கைத் திரும்பப் போடுவதற்கு முன் கேள்வியை வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறேன். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

பதில் சொல்பவர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. படத்தைப் பார்த்ததும் வேகமாகப் போட்டு விடையை மட்டும் அனுப்புகிறார்கள். தான் படித்த கேள்வியை முதல் வரியில் எழுதினால் பிழை எங்கே என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும். அனுப்புகிறவர்களும் கோடு போடாத தாளில் எழுதி, டியூப்லைட் நிழல் விழாமல் நேர் மேலிருந்து எடுத்து, வாட்ஸப்பில் டாக்குமெண்டாக அனுப்பலாம், படம் சுருங்காது. கீழே ஒரு வரி தட்டச்சும் செய்துவிட்டால் இன்னும் நல்லது: x^2 - 7x - 30 = 0.