இருமல் இல்லை, அப்புறம் என்ன?

"பிள்ளைக்கு இருமலே இல்லையே, அப்புறம் என்ன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். காற்று மாசு என்றதும் நாம் எல்லோரும் இருமலைத்தான் தேடுகிறோம். என்னைக் கேட்டால், இதைவிட ஏமாற்றும் அளவுகோல் கிடையாது.

நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமீட்டர் சோதனையில் மூச்சை நிறைய இழுத்து, ஒரே தம்மில் ஊத வேண்டும். "ஊது, ஊது, விடாதே" என்று பக்கத்தில் நின்று விரட்டுவார்கள். முதல் ஒரு நொடியில் எத்தனை லிட்டர் காற்று வெளியே வந்தது என்பதுதான் முக்கியமான எண். தெற்கு கலிபோர்னியாவின் 12 ஊர்களில் பிள்ளைகளை 10 வயது முதல் 18 வயது வரை ஆண்டுதோறும் இப்படி ஊத வைத்தார்கள். முடிவு 2004-ல் வெளியானது. இருக்க வேண்டிய அளவில் 80 சதவீதத்தைக்கூட எட்டாத 18 வயதினர், காற்றில் மாசு நுண்துகள் மிகக் குறைந்த இடத்தில் 1.6 சதவீதம், மிக அதிகமான இடத்தில் 7.9 சதவீதம்.

சரி, எட்டாவிட்டால் என்ன? இருபது வயதையொட்டி நுரையீரல் வளர்ச்சி நின்றுவிடும். பிறகு இறங்குமுகம்தான். புகைபிடிக்காதவருக்கும் ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி குறையும். 25 வயதில் 4 லிட்டர் ஊதுகிறவர் 60 வயதில் 3 லிட்டருக்குச் சற்றுக் கீழே நிற்பார். 3.2 லிட்டரில் தொடங்கியவரோ 2.1 லிட்டரை ஒட்டி வந்துவிடுவார். மாடிப்படி ஏறும்போதுதான் தெரியும். அதுவரை ஒரு இருமலும் வந்திருக்காது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: இவை கூட்டத்தின் கணக்குகள். இன்ன பிள்ளையின் நுரையீரல் மாசால்தான் சிறுத்தது என்று ஒரு சோதனையை வைத்துச் சொல்லிவிட முடியாது.

இதயத்தின் கதை வேறு. 2017-ல் எடின்பரோவில் தன்னார்வலர்களை மிக நுண்ணிய தங்கத் துகள்களைச் சுவாசிக்க வைத்தார்கள். ஏன் தங்கம்? தீங்கு செய்யாது, உடலில் எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடலாம். சிலருடைய ரத்தத்தில் 15 நிமிடத்திலேயே தங்கம் தென்பட்டது. மூன்று மாதம் கழித்தும் சிறுநீரில் இருந்தது. கழுத்துத் தமனி அடைப்புக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளவிருந்த சிலரும் இதைச் சுவாசித்தார்கள். அவர்களிடமிருந்து வெட்டியெடுத்த கொழுப்புப் படிவுக்குள்ளேயே தங்கம் கிடைத்தது. ஏற்கெனவே புண்பட்டிருக்கும் ரத்தக்குழாய்ச் சுவரில் போய் ஒதுங்குகிறது. புகைத்துகளும் அதே வழியில் போனால் அங்கே அழற்சி கூடும், படிவு உடையும், ரத்தம் உறையும். மாரடைப்பு வருகிற வழி அதுதான். தொண்டைக்கு இதில் வேலையே இல்லை, எங்கிருந்து இருமல் வரும்?

அதே கலிபோர்னியாவில் காற்று படிப்படியாகச் சுத்தமானது. அப்புறம் வளர்ந்த பிள்ளைகளையும் ஊத வைத்தார்கள். 15 வயதில் 80 சதவீதத்தை எட்டாதவர்கள் முதல் குழுவில் 7.9 சதவீதம், 2007 முதல் 2011 வரை பார்த்த குழுவில் 3.6 சதவீதம். ஆஸ்துமா இருந்த பிள்ளைகள், இல்லாதவர்கள் என்று இரு தரப்பிலும் நுரையீரல் முன்னைவிட நன்றாக வளர்ந்திருந்தது.