பிராண்ட் தேடல் ஏறியது, சரி. எதனால் ஏறியது?

விளம்பர மீட்டிங்குகளில் தவறாமல் வரும் ஸ்லைடு ஒன்று உண்டு. கூகுள் ட்ரெண்ட்ஸில் எடுத்த ஒரு கோடு. வீடியோ விளம்பரம் ஓடிய எட்டு வாரங்களுக்கு மட்டும் பின்னணியில் லேசாக வண்ணம் அடித்திருப்பார்கள். அந்த வண்ணத்துக்குள் கோடு மேலே போகும். "பாருங்க, நம்ம பெயரைத் தேடுறவங்க கூடிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு அந்த அளவுகோல் மேல் நம்பிக்கை உண்டு. அந்த ஸ்லைடு மேல்தான் இல்லை.

நம்பிக்கைக்குக் காரணம் எளிது. வாங்கும் எண்ணமே இல்லாதவருக்குப் பெயரை அறிமுகப்படுத்துவது அப்பர் ஃபனல் விளம்பரம்; அதைப் பார்ப்பவர் அந்த நிமிடமே பொருளை வாங்கப் போவதில்லை. பெரும்பாலும் கிளிக் கூடச் செய்யமாட்டார். பெயர் மனதில் எங்கோ ஒட்டிக்கொள்ளும். தேவை வரும்போது அந்தப் பெயரைத் தேடல் பெட்டியில் தானே தட்டுவார். சர்வேயில் "இந்த பிராண்டைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா" என்று கேட்டால் மரியாதைக்காகக்கூட ஆமாம் என்பார்கள். தேடுகிறவருக்கு அப்படி யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே இது நல்ல தடயம். ஆனால் விளம்பரமும் தேடலும் ஒரே வாரத்தில் நடந்தன என்பது மட்டும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

முதல் சிக்கல் அந்தக் கோட்டிலேயே இருக்கிறது. கூகுள் ட்ரெண்ட்ஸ் காட்டும் 0 முதல் 100 வரையிலான எண் தேடல்களின் எண்ணிக்கை அல்ல. அந்த இடத்தில், அந்த நேரத்தில் நடந்த மொத்தத் தேடலில் உங்கள் பெயருக்குக் கிடைத்த பங்கு அது. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்து மற்றதையெல்லாம் அதற்கேற்ப அளந்திருப்பார்கள். நாடே தேர்தல் முடிவைத் தேடிக்கொண்டிருக்கும் வாரத்தில், உங்கள் பெயரைத் தேடியவர்கள் ஒருவர்கூடக் குறையாவிட்டாலும் கோடு இறங்கலாம். அது மாதிரி எடுத்துக் கணக்கிடப்படும் எண் என்பதால், சின்ன பிராண்டுகளுக்கு இன்று எடுத்த கோடும் நாளை எடுக்கும் கோடும் ஒரே மாதிரி இருக்காது. காலவரம்பை ஒரு மாதம் நீட்டினாலே உச்சம் மாறி, படம் முழுக்க மாறிவிடலாம். பெரிய பிராண்டுகளைப் பல வருடக் கணக்கில் ஒப்பிட அது போதும். ஒரு கேம்பைனை எடைபோட அதை மட்டும் நம்பமாட்டேன்.

தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் உண்மையான இம்ப்ரெஷன் எண்ணிக்கை, அதாவது தேடல் முடிவில் உங்கள் தளம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பது, கிடைக்கிறது, 16 மாதம் வரைக்கும். உங்கள் பெயரைத் தேடினால் எப்போதும் உங்கள் தளம்தான் முதலில் வருகிறது என்றால், அந்த இம்ப்ரெஷன் ஏறக்குறைய தேடல் எண்ணிக்கையே. குறை என்னவென்றால் அதை நாடு வாரியாகத்தான் பிரிக்க முடியும், நாட்டுக்குள் பகுதி வாரியாகப் பிரிக்க முடியாது. கீழே சொல்லப்போகும் சோதனைக்கு அந்தப் பிரிவு கட்டாயம் வேண்டும். அதனால் நான் நம்புவது கூகுள் ஆட்ஸில், உங்கள் பெயரைத் தேடுகிறவர்களுக்காக மட்டும் ஓடும் பிராண்ட் பெயர் கேம்பைனின் கணக்கைத்தான். அதிலும் இம்ப்ரெஷனை அப்படியே எடுக்கக் கூடாது. பட்ஜெட் தீர்ந்தாலோ போட்டியாளர் ஏலத்தை ஏற்றினாலோ இம்ப்ரெஷன் குறையும், தேடல் குறைந்திருக்காது. இம்ப்ரெஷனை இம்ப்ரெஷன் ஷேரால், அதாவது விளம்பரம் வந்திருக்கக்கூடிய தடவைகளில் உண்மையில் வந்த சதவீதத்தால், வகுத்தால் அந்தக் குழப்பம் பெருமளவு போய்விடும். 3,600 இம்ப்ரெஷன், ஷேர் 90 சதவீதம் என்றால், விளம்பரம் வந்திருக்கக்கூடிய தேடல்கள் 4,000.

இன்னொரு வடிகட்டல் வேண்டும், இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். பெயரைத் தேடுகிறவர்கள் எல்லோரும் புதியவர்கள் அல்ல. பெயருடன் 'லாகின்', 'கஸ்டமர் கேர் நம்பர்', 'ரீஃபண்ட்' சேர்த்துத் தேடுபவர் ஏற்கனவே உங்கள் வாடிக்கையாளர். உங்கள் ஆப் ஒரு நாள் படுத்துவிட்டால் இந்தத் தேடல் எகிறும், அதை விளம்பரத்தின் வெற்றியாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான்! பெயருடன் 'விலை', 'ரிவ்யூ', 'நல்லதா' என்று சேர்த்துத் தேடுபவர்களிடம்தான் விளம்பரத்தின் தாக்கம் முதலில் தெரியும். பெயரைத் தப்பாக எழுதித் தேடுபவர்களையும் தனியாகப் பாருங்கள். காதால் மட்டும் கேட்டவருக்கு எழுத்து தெரியாது. ரேடியோ, ஆடியோ விளம்பரங்களுக்குப் பிறகு தப்பெழுத்துத் தேடல்களின் பங்கு கூடினால் அதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொள்வேன். பழைய வாடிக்கையாளர் பெயரைச் சரியாகவே எழுதுவார்.

இப்போது சோதனை. ஆன்லைனில் மெத்தை விற்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம், எண்களும் கணக்கு புரிவதற்காக நான் வைப்பவைதான். சந்தையை இரண்டு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் எட்டு வாரம் வீடியோ விளம்பரம் ஓடுகிறது. மற்றதில் ஒன்றும் இல்லை. பிராண்ட் பெயர் கேம்பைனையும் முன்கூட்டியே அதே எல்லையில் இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். விளம்பரத்துக்கு முந்தைய வாரங்களில், வடிகட்டிய பிறகு, விளம்பரப் பகுதியில் வாரத்துக்கு 4,000 தேடல், விளம்பரம் இல்லாத பகுதியில் 5,000. விகிதம் 0.80.

விளம்பரம் ஓடிய வாரங்களில் முதல் பகுதியின் சராசரி 5,400 ஆனது. அந்த ஸ்லைடு போடுகிறவர் இங்கேயே நிறுத்தி "35 சதவீதம் ஏற்றம்" என்பார். ஆனால் விளம்பரமே போகாத பகுதியிலும் 5,000 என்பது 5,750 ஆகியிருக்கிறது. அது சீசன், மெத்தை வாங்கும் காலம். பழைய விகிதப்படி பார்த்தால் முதல் பகுதி விளம்பரம் இல்லாமலே 4,600க்கு வந்திருக்கும். விளம்பரத்தின் கணக்கில் எழுத வேண்டியது மீதி 800 தான். 35 சதவீதம் 17 ஆகச் சுருங்கிவிட்டது. மீட்டிங்கில் இதைச் சொல்பவருக்குக் கைதட்டல் கிடைக்காது, ஆனால் அடுத்த ஆண்டு பட்ஜெட் கேட்கும்போது அவர் சொல்லைத்தான் நிதித் துறை நம்பும்.

அந்த 800 உண்மையா, தற்செயலா? விளம்பரத்துக்கு முந்தைய ஒவ்வொரு வாரத்துக்கும் அதே விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 0.76க்கும் 0.84க்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தது என்றால், இப்போது வந்த 0.94 அந்த ஆட்டத்துக்கு வெளியே தெளிவாக நிற்கிறது. அதே விகிதம் முன்பு 0.65க்கும் 0.95க்கும் இடையில் ஆடியிருந்தால் இந்தச் சோதனையிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. இதை விளம்பரத்துக்கு முன்பே பார்த்திருந்தால் சோதனையையே வேறு மாதிரி அமைத்திருக்கலாம். தேடல் எண்ணிக்கை குறைவாக உள்ள பிராண்டுகளுக்கு நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

விளம்பரம் நின்ற மறுநாளே கணக்கை மூடிவிடவும் கூடாது. விகிதம் 0.90, 0.86, 0.83, 0.81 என்று மெதுவாக இறங்கும். இரண்டாம் பகுதி மறுபடி 5,000இல் இருந்தால் இந்த நான்கு வாரங்களில் மட்டும் இன்னும் 1,000 தேடல் சேர்கிறது. சொல்லப்போனால் இந்த வால் எவ்வளவு நீளம் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். எட்டு வார உயரத்தைப் பணம் கொட்டியே எட்டலாம். எந்த வீடியோ மனதில் நின்றது என்பது வாலில்தான் தெரியும்.

அடுத்து செய்கிற தவறு, அந்தக் கூடுதல் தேடல்களைப் பழைய விற்பனை விகிதத்தால் பெருக்குவது. முன்பு பெயரைத் தேடியவர்களில் 5 சதவீதம் பேர் வாங்கினார்கள் என்று வையுங்கள். அவர்கள் ஏற்கனவே அரை மனதாக முடிவு செய்தவர்கள். புதிதாக வந்த 800 பேர் ஆர்வத்தில் எட்டிப்பார்ப்பவர்கள், அவர்களில் 2 சதவீதம் வாங்கலாம். அப்படியானால் 4,600க்கு 230, 800க்கு 16, ஆக 246 விற்பனை. மொத்த விகிதம் 5லிருந்து 4.6 சதவீதத்துக்கு இறங்கும். உடனே தேடல் விளம்பரங்களை நடத்தும் பெர்ஃபார்மன்ஸ் டீமிலிருந்து "பிராண்ட் கேம்பைனின் தரம் கெட்டுவிட்டது" என்று மெயில் வரும். விளம்பரம் வேலை செய்ததற்கான அடையாளமே அங்கே கெட்ட செய்தியாகத் தெரிகிறது.

அதே டீம் இன்னொரு நாள் அந்த விற்பனை முழுவதையும், கடைசிக் கிளிக்குக்கே முழுப் பெருமையும் தரும் லாஸ்ட் கிளிக் கணக்கில் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும், அது வேறு விஷயம். ஈபே நிறுவனம் 2012இல் ஒரு தேடுபொறியில் தன் பெயருக்கான கட்டண விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. இழந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம் கட்டணமில்லாத முடிவுகள் வழியாகவே திரும்ப வந்துவிட்டன. அந்த ஆய்வு 2015இல் எகனோமெட்ரிகா இதழில் வெளியானது. உலகம் அறிந்த பெயருக்கு வந்த முடிவு அது, போட்டியாளர்கள் ஏலம் எடுக்கும் சின்னப் பெயருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் பெயரைத் தேடும் ஆசையை உண்டாக்கியது யார், தேடியவரை வாசலில் நின்று வரவேற்றது யார் என்று பிரித்துப் பார்க்க அது நல்ல பாடம்.

நாடு முழுக்கப் போகும் டிவி விளம்பரத்தில் பகுதி பிரிக்க வழியில்லை. அப்போது விளம்பரம் இல்லாதிருந்தால் தேடல் எங்கே இருந்திருக்கும் என்பதை மாடலால் ஊகிக்க வேண்டும். கூகுள் 2014இல் வெளியிட்ட CausalImpact என்ற மென்பொருள் இதற்குத்தான். ஆனால் ஒப்பீட்டுக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம். போட்டியாளர் பெயர்த் தேடலைக் கொடுப்பவர்கள் உண்டு. உங்கள் விளம்பரத்தைப் பார்த்து மெத்தை பற்றியே யோசிக்க ஆரம்பித்தவர் போட்டியாளரையும் தேடுவார். அப்போது உங்கள் தாக்கம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். போட்டியாளர்களோடு சேர்த்து மொத்தத்தில் நம் பங்கைப் பார்ப்பதுதான் 2020இல் விளம்பர ஆய்வாளர் லெஸ் பினெட் பேசிப் பிரபலமாக்கிய ஷேர் ஆஃப் சர்ச். பிராண்டின் நீண்டகால ஆரோக்கியத்துக்கு அதை விரும்பிப் பார்ப்பேன், ஒரே ஒரு கேம்பைனுக்குத் தீர்ப்பு எழுத அதைக் கூப்பிடமாட்டேன்.

தேடல் ஏறினாலே நல்லது என்றும் எண்ண வேண்டாம். 2016இல் பேட்டரி தீப்பிடித்து சாம்சங் திரும்பப் பெற்ற கேலக்ஸி நோட் 7ஐ உலகமே தேடியது.

கடைசியாக ஒன்று, மீடியாக்களை இதை வைத்து ஒப்பிடுகிறவர்களுக்கு. டிவி, ஹோர்டிங், ரேடியோ பார்த்தவருக்கும் கேட்டவருக்கும் தேடுவதுதான் இயல்பான வழி. கிளிக் செய்யக்கூடிய வீடியோவில் ஆர்வம் வந்தவர் நேரே உள்ளே வந்துவிடுவார், தேடல் கணக்கில் அவர் விழவே மாட்டார். இரண்டையும் பிராண்ட் தேடலால் அளந்து டிவிதான் ஜெயித்தது என்று அறிக்கை எழுதினால், அது எந்த மீடியாவில் லிங்க் இல்லை என்பதைத்தான் கண்டுபிடித்திருக்கிறது.