பூண்டு தின்றால் பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

"தினமும் பூண்டை நசுக்கித் தின்னா, அல்லிசின் பிரஷரையும் கொழுப்பையும் இறக்கிடும், மாத்திரையை நிறுத்திடலாம்" – கும்பகோணம், மன்னார்குடி பக்கம் சுற்றும் வாட்ஸ்அப் செய்தி.

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பூண்டை நசுக்கினால் அல்லிசின் என்ற வேதிப்பொருள் உருவாவது நிஜம்தான். ஆனால் 2007-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், கெட்ட கொழுப்பு ஓரளவு கூடியிருந்த 192 பேரில் ஒரு குழு, நசுக்கிய பச்சைப் பூண்டை சாண்ட்விச்சில் வைத்து வாரம் 6 நாள், 6 மாதம் சாப்பிட்டது. தினம் ஒரு பல் அளவு. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குக் கெட்ட கொழுப்பு குறையவில்லை.

பிரஷர் விஷயம் சற்று வேறு. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 8 அளவு இறங்கியதாகச் சிறு ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பெரும்பாலும் கொடுத்தது பூண்டுப் பொடி மாத்திரையோ பதப்படுத்திய சாறோதான். அந்தச் சாற்றில் அல்லிசின் அநேகமாக இல்லை. 170 இருப்பவருக்கு 8 இறங்கினாலும் 162. அது இன்னும் ஆபத்தான அளவுதான்.

ரசத்தில் பூண்டு தாராளமாகப் போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும், நிறையப் பச்சைப் பூண்டோ பூண்டு மாத்திரையோ தொடங்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள், ரத்தக்கசிவு கூடலாம்.