கருப்பு கிரானைட்டும் போன் அளவும்

"வாசல் கதவோட நீளத்தை ஓரளவு சரியா காட்டுற போன் அளவு ஆப், சமையல் மேடை கிரானைட்டுக்கு மட்டும் ஏன் கூடுதலா காட்டுது?"

போன் நேரடியாக நீளத்தை அளப்பதில்லை. கேமராவில் தெரியும் புள்ளிகள், நீங்கள் போனை நகர்த்தும்போது எவ்வளவு இடம் மாறுகின்றன என்று பார்த்துத்தான் பரப்பு எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. வெளிச்சத்தில், மரக்கதவு போல வரிகள் உள்ள பரப்பில் மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் பிசகும். பாலிஷ் போட்ட கருப்புக் கல்லில் பிடித்துக்கொள்ளச் சொந்தப் புள்ளிகளே குறைவு. அதனால் போன் அதில் தெரியும் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிம்பம் இருப்பதோ கல்லுக்குக் கீழே! போன் 60 செ.மீ. உயரத்தில் இருக்க, பரப்பு 66-இல் இருப்பதாக நினைத்தால், 100 செ.மீ. மேடை 110 ஆகிவிடும்.

ஒளியை அனுப்பித் தூரத்தை அளக்கும் லைடார் சென்சார் உள்ள போனும் இங்கே முழுத் தீர்வல்ல. அதன் அகச்சிவப்பு ஒளியைக் கருப்பு விழுங்கும், பளபளப்பு வேறு பக்கம் திருப்பிவிடும்.

ஆப்பில் மேடை விளிம்பில் அளவுப் புள்ளி வைத்ததும் போனைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். புள்ளி விளிம்பை விட்டு வழுக்கினால் அந்த அளவை நம்பாதீர்கள். மேடை முழுக்க செய்தித்தாளை விரித்துவிட்டு அளந்தால் பெருமளவு சரியாகும். ஆனால் கல் வெட்டக் கொடுப்பதென்றால் டேப்தான், தயவுசெய்து.